நீகாட்டாவில் இருக்கும் எங்கள் தோழிக்குத் துணை நின்றவர்களுக்கு

கிளிநொச்சியில் இருந்து ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போன எங்கள் தோழியின் சார்பில் இதை எழுதுகிறேன். அவளுக்கு இது முதல் வேலை. ஊரைப் பிரிந்திருப்பதும் இதுதான் முதல் தடவை.

ஜப்பானிய மொழிக்கு ஒரு சோதனை, பராமரிப்பு வேலைக்கு இரண்டு. கொழும்பில் சோதனை எழுத வந்தபோதெல்லாம் வெள்ளவத்தையில் தங்க இடம் தந்த அண்ணாவுக்கும் அண்ணிக்கும் முதல் நன்றி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துப் பதிவுக்குக் கூடவே அலைந்த சித்தப்பாவுக்கும் நன்றி.

டோக்கியோவில் இருக்கும் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். அங்கே வீடு கிடைத்து 14 நாளுக்குள் நகரசபையில் முகவரி பதிய வேண்டும். அக்கா லீவு போட்டு, சின்கான்சென் ரயிலில் இரண்டு மணித்தியாலம் வந்து அதைச் செய்து கொடுத்தார். ஆனால் அவர் செய்த பெரிய உதவி அதற்குப் பிறகுதான் வந்தது. "முதல் கிழமை அவள் அழமாட்டாள், எல்லாம் புதுசு. ஒரு மாதம் போகட்டும், அப்பதான் கவனமா இருங்கோ" என்று எங்களுக்குச் சொல்லிவைத்தார்.

அப்படியே நடந்தது. வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசினாள். சமைப்பதை விட்டுக் கடைச் சோற்றுருண்டையில் நாளை ஓட்டினாள். அம்மா கேட்டால் மட்டும் "சுகமா இருக்கிறன்". நாங்களும் இங்கே இரவு 8 மணிக்கு, வேலை முடித்து ஆறுதலாக எடுப்போம். அங்கே அப்போது 11.30. காலை 7 மணி வேலைக்குப் போக வேண்டியவள் எங்களுக்காக விழித்திருந்தாள். நித்திரையும் கெட, தனிமை இன்னும் கூடியது.

அக்கா சொல்லித்தான் நேரத்தை மாற்றினோம். அவள் தன் வேலை அட்டவணையை மாதத் தொடக்கத்தில் அனுப்புவாள். பின்னேரம் 5.30க்கு, அதாவது அங்கே இரவு 9 மணிக்கு, ஒரு நாளைக்கு ஒருவர் மட்டும் எடுப்போம். வட்டக்கச்சி மாமி பயிற்றங்கொடி காய்த்ததைக் காட்டுவார். பரந்தன் தம்பி இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்வான். "சாப்பிட்டியா" என்ற கேள்வியோடு முடியாத பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது. இப்போது அக்கா ஞாயிறுகளில் போனில் கூட இருக்க, இருவரும் ஒரே நேரத்தில் சமைக்கிறார்கள். வீடியோவும் திரும்பி வந்துவிட்டது. முதல் சம்பளத்தில் பங்கு கேட்காமல் விட்ட சொந்தக்காரர் எல்லோருக்கும் தனியாக ஒரு நன்றி.

இனி அங்கே பனி கொட்டும் காலம். தைப்பொங்கலுக்கு முதல்நாள் அவளுக்கு இரவு வேலை, முடிந்து வெளியே வர அங்கே காலை 10 மணி. எங்களுக்கு அது 6.30, பானை பொங்குகிற நேரம். அன்றைக்கு மாமி வீட்டு முற்றத்தில் இருந்துதான் எடுப்போம், எல்லோரும் வாருங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு அவள் போய்ப் படுக்கட்டும்.