கால்மானத்துக்கு ஏன் மூன்று விடைகள்?

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு மாணவர், ஒரு பட்டியலின் முதல் கால்மானத்துக்கு, அதாவது ஏறுவரிசையில் முதல் கால்வாசி முடியும் இடத்து மதிப்புக்கு, கையால் போட்ட விடையும் எக்செல் தந்ததும் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார். "கணினி சொல்வதே சரி, கூட்டலைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்திருந்தது. புள்ளியியல் பாடம் எடுப்பவள் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை. மாணவரின் கூட்டலில் பிழை எதுவும் இல்லாமலே இப்படி நடக்கும்.

ஒரு மருத்துவமனையில் பத்துப் பேர் காத்திருந்த நிமிடங்கள், ஏறுவரிசையில், இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 12, 15, 18, 21, 24, 30, 33, 40, 46, 70. பள்ளியில் சொல்லித்தரும் முறைப்படி, n பேர் இருந்தால் (n+1)/4, அதாவது இங்கே 2.75-ஆவது மதிப்பு வேண்டும். இரண்டாவது மதிப்பு 15, மூன்றாவது 18. இடையில் உள்ள 3-இல் முக்கால் பங்கைச் சேர்த்தால் 17.25. இதையே எக்செல்லில் `=QUARTILE(A1:A10,1)` என்று கேட்டால் 18.75 வரும். பட்டியலை இரண்டு பாதியாக வெட்டி, கீழ்ப் பாதியின் இடைநிலையை, அதாவது நடு மதிப்பை, எடுப்பவருக்கோ 18. மூன்றும் சரிதான்.

எக்செல்லின் கணக்கு என்ன? சிறிய மதிப்பை 0 சதவீதம் என்றும் பெரிய மதிப்பை 100 சதவீதம் என்றும் அது வைத்துக்கொள்கிறது. பத்து மதிப்புகளுக்கு நடுவே ஒன்பது இடைவெளிகள். அவற்றில் கால்வாசி 2.25. முதல் மதிப்பிலிருந்து அவ்வளவு தள்ளிப் போனால் 3.25-ஆவது இடம். பள்ளி முறை அப்படி நினைப்பதில்லை. நம் கையில் இருப்பது ஒரு மாதிரிதான், 12-ஐவிடக் குறைவாகவும் 70-ஐவிட அதிகமாகவும் காத்திருந்தவர்கள் வெளியே இருக்கலாம் என்று இரு முனைகளிலும் இடம் விடுகிறது. அப்போது இடைவெளிகள் பதினொன்று. அதனால்தான் n+1.

இதில் ஒரு அழகு உண்டு. முதல் கால்மானத்துக்கு இந்த இரண்டு முறைகளும் எப்போதும் சரியாக அரை இடம் தள்ளி நிற்கும், பட்டியலில் பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும். பெரிய பட்டியலில் பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் பெரும்பாலும் நெருங்கி இருப்பதால் அந்த அரை இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இடைநிலையில் வித்தியாசமே வராது. அது ஒத்துப்போய்விடுவதால் பலர் மற்றதைச் சோதிப்பதே இல்லை.

"சரி, ஒன்றரை நிமிட வித்தியாசம்தானே" என்று விட்டுவிடவும் முடியாது. மூன்றாம் கால்மானம் பள்ளி முறையில் 41.5, எக்செல்லில் 38.25. மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வரும் கால்மான வீச்சு முறையே 24.25, 19.5. மூன்றாம் கால்மானத்துக்கு மேல் வீச்சின் ஒன்றரை மடங்கைத் தாண்டியது விலகிய மதிப்பு என்பது வழக்கமான விதி. பள்ளி முறையில் எல்லை 77.875, எக்செல்லில் 67.5. ஆக, 70 நிமிடம் காத்திருந்த அந்த நோயாளி ஒரு கணக்கில் சாதாரணமானவர், இன்னொன்றில் விதிவிலக்கு!

1996-இல் ஹைண்ட்மன், ஃபேன் என்ற இருவர் மென்பொருள்களில் புழங்கிய ஒன்பது முறைகளைத் தொகுத்து எண்ணிட்டார்கள். புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் இன்றும் அதே எண்கள்தான். எதுவும் சொல்லாவிட்டால் 7-ஆவது முறை, அதாவது எக்செல்லின் வழி. பள்ளி விடை வேண்டுமானால் 6 என்று கேட்க வேண்டும்:

```
x <- c(12,15,18,21,24,30,33,40,46,70)
quantile(x, 0.25, type = 6)
```

எக்செல்லிலும் 2010 முதல் `QUARTILE.EXC` என்று தனியாக இருக்கிறது, அதுவும் 17.25 தரும். பழைய `QUARTILE`-உம் `QUARTILE.INC`-உம் ஒன்றே.

கையில் உள்ள மென்பொருள் எந்த வழியில் போகிறது என்று பார்க்க 1, 2, 3, 4 என்று நான்கே எண்களைக் கொடுத்து முதல் கால்மானம் கேளுங்கள். 1.25 வந்தால் பள்ளி முறை, 1.75 வந்தால் எக்செல் முறை. 1.5 வந்தால் பாதியாக வெட்டும் முறையாக இருக்கலாம். ஆனால் அதே 1.5-ஐத் தரும் வேறு முறைகளும் உண்டு, அப்போது உதவிப் பக்கத்தைப் பார்ப்பதுதான் வழி.

பட்டியலை நான்காக இல்லாமல் நூறாகப் பிரிக்கும் நூற்றுமானத்தில் இது இன்னும் முற்றும். அதே பத்துப் பேரில் 95-ஆவது நூற்றுமானம் கேட்டால் பள்ளி முறைக்கு 10.45-ஆவது மதிப்பு வேண்டும், அப்படி ஒன்று பட்டியலில் இல்லை. `PERCENTILE.EXC` அதை ஒப்புக்கொண்டு `#NUM!` என்று நிற்கும். `PERCENTILE.INC` 59.2 என்று தசமத்தோடு தந்துவிடும். 46-க்கும் 70-க்கும் நடுவே யாருமே காத்திருக்கவில்லை. இருவரை வைத்துக் கோடு போட்டு எடுத்த எண் அது. இவற்றில் எனக்கு நம்பிக்கை வருவது அந்தப் பிழைச் செய்தியின் மேல்தான்.

அந்த மாணவருக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது. அப்படியே, விடையோடு எந்த முறை என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

– புள்ளியியல் ஆசிரியை, மதுரை