கயிற்றை இழுத்ததும் இறங்கி வந்தவர்களுக்கு

ஐந்தாம் மாடிப் பெரியம்மாவுக்கும், மருத்துவர் ஐயாவுக்கும், தம்பிக்கும், காளியம்மன் கோயிலில் பூக்கட்டும் அக்காமார் இருவருக்கும் வணக்கம்.

அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்து இந்தத் தையோடு ஆறு ஆண்டு முடிகிறது. நான் தாயைத் தாங்குகிறேன் என்று ரங்கூனில் நம்மவர்கள் பலர் என்னைப் பாராட்டுகிறார்கள். தாங்கியவள் கீழே விழாமல் பிடித்துக்கொண்டவர்கள் நீங்கள். அதை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

சொல்லக் கூசுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதம், மழை, மின்சாரம் இல்லை. மாலை ஆறு மணிக்கு அம்மா இரண்டு சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “கப்பல் வந்துவிட்டது, அண்ணன் துறைமுகத்தில் காத்திருக்கிறான்” என்றார். 1964இல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். மாமாவும் போனார். அப்போது அம்மாவுக்குப் பதினேழு வயது. மாமா சென்னை வியாசர்பாடியிலேயே இருந்து காலமாகி வெகுகாலம் ஆகிறது. நான் அதைத்தான் சொன்னேன். இப்போதுதான் சாவுச் செய்தி வந்ததுபோல அம்மா அழுதார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் மூட்டையோடு நின்றார். ஏழாவது முறை நான் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்துவந்து கட்டிலில் உட்கார வைத்தேன். மறுநாள் காலையில் அந்த மெல்லிய தோலில் நான்கு விரல் தடம் கன்றிப்போயிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “யாரம்மா என்னை இப்படிப் பிடித்தது?” என்று என்னையே கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மருத்துவர் ஐயா, அந்தத் தடத்தை நீங்கள் பார்த்ததும் என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். உறவில் ஒருவர் “பெற்றவளிடம் கோபம் வருமா?” என்று ஏற்கெனவே கேட்டிருந்தார். நீங்களோ, “நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?” என்று கேட்டீர்கள். மூன்று மணி நேரம் என்றேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கோபம் வந்த நேரம், முந்தைய இரவுத் தூக்கம், கோபத்துக்குச் சற்று முன்னால் நடந்தது ஆகிய மூன்றை மட்டும் இரண்டு வாரம் எழுதச் சொன்னீர்கள். பதினொரு முறை கோபம் வந்திருந்தது. ஒன்பது முறை மாலை ஐந்து மணிக்குப் பிறகு. எட்டு முறை, முந்தைய இரவு நான்கு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம். நான் கெட்ட மகள் என்று அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த நோட்டு வேறொன்றைக் காட்டியது. என் கோபத்துக்கு நேரம் இருந்தது. நேரம் தெரிந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

இந்த நோயில் பொழுது சாயும்போது தடுமாற்றம் கூடும் என்று நீங்கள் விளக்கியதும், ஐந்து மணிக்கே, இருட்டும் முன்பே, பேட்டரி விளக்கை ஏற்றத் தொடங்கினேன். ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் விழாதபடி திரையை இழுத்துவிட்டேன். பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தினேன். மதியத்துக்குப் பிறகு தேநீர் கொடுப்பதில்லை. தூக்க மாத்திரை கேட்டபோது, இந்த வயதில் அது தடுமாறி விழவைக்கும், குழப்பத்தையும் கூட்டும் என்று எழுதித்தர மறுத்தீர்கள். அன்று உங்கள்மேல் எனக்கு வருத்தம்தான். இப்போது இல்லை.

கார்த்திகையில் ஒருமுறை, இரண்டே நாளில் அம்மா ஆளே மாறிப்போனார். பகலெல்லாம் கண்ணயர்வார், விழித்தால் என்னை அடிக்க வருவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று என் மனம் சொன்னது. நோட்டைப் புரட்டினால் “திடீரென்று மாறினால் உடனே வா” என்று உங்கள் கையெழுத்து. பரிசோதித்தால் சிறுநீரில் தொற்று. மருந்து கொடுத்த சில நாளில் பழைய அம்மா திரும்பினார். மறதி நோய் மாதக் கணக்கில்தான் நகரும், ஓரிரு நாளில் நடக்கும் மாற்றத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்பதை அன்று கற்றேன். நோய்மேல் போக வேண்டிய கோபம் எத்தனை முறை அம்மாமேல் போயிருக்கிறது என்று நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

தம்பி, உன்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். புதன், சனி இரவுகளில் அம்மாவோடு நீ படுத்துக்கொள்வதாக முதல் ஆண்டிலேயே சொன்னாய். நான் இல்லாமல் அம்மாவுக்கு முடியாது என்று மறுத்தேன். அதில் பாசம் இருந்தது, பெருமையும் கொஞ்சம் இருந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டு, முதல் புதன்கிழமை உன் வீட்டில் போய்ப் படுத்தேன். இரவு பதினொரு மணி வரை அழுதேன். பிறகு ஏழு மணி நேரம் தூங்கினேன். அடுத்த நாள் மாலையும் கப்பல் வந்தது. அன்று எனக்குக் கோபம் வரவில்லை. “மூட்டையில் என்னென்ன வைத்தீர்கள் அம்மா?” என்று கேட்க முடிந்தது. சேலை, ஒரு சொம்பு, மாமாவுக்குப் பிடித்த வறுத்த கடலை என்று சொல்லிக்கொண்டே போனார். நகையை எடுத்துப்போக விடமாட்டார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கால் மணி நேரத்தில் மூட்டையை அவரே அவிழ்த்துவிட்டார். இப்படிப் பேசினால் நல்லது என்று எனக்கு முன்பே தெரியும். தூங்காத உடம்பால் அதைச் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

பூக்கட்டும் அக்காமாரே, “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். “செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணிக்கு வருவோம், ஐந்துக்குப் போவோம்” என்றீர்கள், வந்தீர்கள். அம்மா கையில் நாரைக் கொடுத்தீர்கள். பெயர்கள் மறந்துபோனாலும் அவர் விரலுக்குப் பூக்கட்டுவது மறக்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் நான் வீட்டு வேலை செய்யக்கூடாது என்று கண்டித்ததும் நீங்கள்தான். ஆற்றங்கரை வரை நடந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் பெயரையே மறந்துவிட்ட ஒருவருக்காக, அவர் உயிரோடு இருக்கும்போதே அழுவது அபசகுனமோ என்று பயந்திருந்தேன். மருத்துவர் ஐயா, அதுவும் துக்கம்தான், அழலாம் என்று நீங்கள் சொன்ன பிறகு அங்கே அழுதேன். இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் இருண்டு கிடந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, மறுபடி அம்மாமேல் கை போனாலோ அதைக் களைப்பு என்று ஒதுக்காமல் உடனே வர வேண்டும் என்று நீங்கள் வாங்கிய வாக்குறுதி, நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

பெரியம்மா, இந்த மடலை உங்களுக்குப் பர்மியத்தில் நானே வாசித்துக் காட்டுவேன். செய்தித்தாளும் காய்கறியும் மேலே இழுக்க நீங்கள் தெருவுக்குத் தொங்கவிட்டிருக்கும் கயிறு எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பல்லை நான் கடிக்கத் தொடங்கினால், அம்மாவை எட்டிப் பிடிக்கத் தோன்றினால், அதை இரண்டு முறை இழுக்கச் சொன்னீர்கள். உங்கள் மணி அடிக்கும். நீங்கள் இறங்கி வருவீர்கள். என்ன நடந்தது என்று கேட்காமல் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிவிடுவீர்கள். நான் மொட்டை மாடிக்குப் போய் இருபது நிமிடம் நின்றுவிட்டு வருவேன். இதுவரை பதினான்கு முறை இழுத்திருக்கிறேன். ஒருமுறை நீங்கள் சோற்றுக் கையோடு வந்தீர்கள்.

நேற்றுப் பார்த்தேன், எங்கள் பால்கனிக் கம்பி வரை மட்டும் வரும் இரண்டாவது கயிறு ஒன்றைப் புதிதாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நீல நிறம், நுனியில் ஒரு முடிச்சு. இருட்டிலும் கைக்கு அகப்படுகிறது.