அணைத்த பிறகும் பதில் சொன்ன இரண்டு கணினிகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஐயாவுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் கணினி அறைக்கு மேசை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பட்டணத்தில் கணினி பழுது பார்க்கிறேன். என் மகள் நான்காம் ஆண்டில் படிக்கிறாள். அணைத்த பிறகும் இரண்டு கணினிகள் வலையில் பதில் சொல்கின்றன என்று அன்று ஆசிரியரிடம் நான் சொன்னது கூட்டத்தில் 'அவர் ஏதோ வைரஸ் என்கிறார்' என்று திரிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வைரஸ் இல்லை. அடுத்த பன்னிரண்டு கணினிகளுக்குக் காசு கட்டும் முன் விஷயம் சரியாகத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாம் வாங்கிய பன்னிரண்டும் ஏதோ ஒரு நிறுவனம் குத்தகை முடிந்து கழித்துவிட்ட அலுவலகக் கணினிகள். ஆறாம் தலைமுறை இன்டெல், முன்பக்கம் வீப்ரோ என்ற இன்டெலின் அலுவலகக் கணினி முத்திரை ஸ்டிக்கர். நல்ல கணினிகள்தான், விலைக்குக் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கூட்டும்போது பார்த்தேன், இரண்டு பெட்டிகளின் பின்னால் வலைக் கம்பி சொருகும் இடத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வெறும் விளக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து கணினியை எழுப்பும் சாதாரண வசதிக்கும் அது எரியும். அதனால் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளி வலையில் எந்தக் கணினி 16992 முதல் 16995 வரையான வாசல் எண்களில் பதில் சொல்கிறது என்று பார்க்க, என் மடிக்கணினியில் இதைத் தட்டினேன்:

```
nmap -p 16992-16995 192.168.1.0/24
```

அணைந்து கிடந்த அந்த இரண்டும் 16992-இல் பதில் சொல்லின. உலாவியில் `http://192.168.1.23:16992` என்று திறந்தால், இன்டெல் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வருகிறது. விண்டோஸ் ஓடவில்லை, திரை கறுப்பு. ஆனாலும் பெட்டிக்குள் யாரோ விழித்திருக்கிறார்கள்.

அது யாரென்று சொல்கிறேன். 2008-க்குப் பிறகு வந்த இன்டெல் கணினிகள் அநேகமாக எல்லாவற்றிலும், நாம் பார்க்கும் முதன்மைச் செயலியைத் தவிர, துணைச் சில்லுக்குள் இன்னொரு சின்னச் செயலி இருக்கிறது. மேனேஜ்மெண்ட் எஞ்சின் என்று பெயர். நம் கணினிகளில் இருக்கும் தலைமுறையில் அது மினிக்ஸ் என்ற தனி இயங்குதளத்தை ஓட்டுகிறது. மின்சாரம் வந்துகொண்டிருந்தால் போதும், கணினி அணைந்திருந்தாலும் அது வேலை செய்யும். கணினி எழும்பவே அதன் உதவி வேண்டும். வீட்டுக்கு வாங்கும் சாதாரணக் கணினியிலும் அது உண்டு. ஆனால் வீப்ரோ வகையில்தான் அதற்குமேல் ஏஎம்டி என்ற தொலைநிர்வாக வசதி ஏறியிருக்கும். கணினியைப் போடலாம், அணைக்கலாம், திரையைப் பார்க்கலாம், விசைப்பலகையை இயக்கலாம், வேறொரு டிஸ்க்கிலிருந்து துவக்கலாம், எல்லாம் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டே. ஆயிரம் கணினி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது வரப்பிரசாதம்.

'ஹார்ட் டிஸ்க்கை அழிச்சாச்சு, விண்டோஸ் புதுசாப் போட்டாச்சு' என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. அந்தச் செயலியின் நிரலும் அமைப்புகளும் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, தாய்ப்பலகையில் தனிச் சில்லில் இருக்கின்றன. விண்டோஸ் தடுப்புச் சுவரும் உதவாது; 16992-க்கு வரும் தகவலை அந்தச் செயலி விண்டோஸ் பார்க்கும் முன்பே எடுத்துக்கொள்கிறது. வீடு கைமாறியது, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. பின்கதவுச் சாவி மட்டும் பழைய குடித்தனக்காரரிடம்.

வெளியிலிருந்து வர ரவுட்டர் விடாதே என்று தலைவர் கேட்கலாம். பெரும்பாலும் விடாது. ஆனால் இந்த வசதியைக் கணினியே வெளியே போய்த் தன் பழைய நிர்வாகக் கணினியை அழைக்கும்படியும் அமைக்கலாம். நம் இரண்டில் அப்படி அமைத்திருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க எனக்குச் சாவி இல்லை. யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நிறுவனம் மறந்தே போயிருக்கும்.

மற்றப் பத்தும்தான் எனக்குப் பெரிய கவலை. அவை யாரும் அமைக்காதவை. துவங்கும்போது `Ctrl+P` அழுத்தினால் அந்தச் செயலியின் அமைப்புத் திரை வரும். கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்த `admin`. 2018 ஜனவரியில் எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஹாரி சின்டோனன் காட்டியது இதைத்தான்: கணினியைத் துவக்கும் நிரலான பயோஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தாலும் இந்த வழி திறந்திருக்கும். கணினி முன் ஒரு நிமிடம் கிடைத்தால், கடவுச்சொல்லை மாற்றி, தொலைவழியைத் திறந்து, பயனரிடம் அனுமதி கேட்பதையும் நிறுத்திவிடலாம். ஆறாம் ஆண்டுப் பையன்களை நமக்குத் தெரியாதா?

இதற்கு மேல் பழைய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. 2017 மே மாதம் வெளிவந்தது. உள்ளே வருபவர் அனுப்பும் விடையைச் சரியான விடையோடு ஒப்பிடும்போது, அவர் எத்தனை எழுத்து அனுப்பினாரோ அத்தனையை மட்டும் ஒப்பிட்டார்கள். ஒன்றுமே அனுப்பாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இல்லை, தவறும் இல்லை, உள்ளே வாங்க! அமைத்து வைத்த ஏஎம்டியின் 6 முதல் 11.6 வரையான பதிப்புகளை அது பாதித்தது. அந்தப் பதிப்பு எண்ணின் நான்காவது பகுதி 3000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அடைத்தாயிற்று. நம் இரண்டிலும் அது 1-இல் தொடங்குகிறது.

இப்போது செய்யக்கூடியது. பத்துக் கணினிகளிலும் அந்தத் திரைக்குள் போய், கடவுச்சொல்லை மாற்றி (பெரிய, சிறிய எழுத்து, எண், குறி கலந்து எட்டு எழுத்தாவது கேட்கும்), `Manageability Feature Selection` என்பதை `Disabled` ஆக்க வேண்டும். பயோஸில் யூஎஸ்பி வழி அமைக்கும் வசதி தெரிந்தால் அதையும் மூட வேண்டும். கணினிக்கு மூன்று நிமிடம். அந்த இரண்டில் `admin` செல்லாது. ஆகவே முதலில் பழையதை முழுதாகத் துடைக்க வேண்டும். பயோஸில் அதற்கான தேர்வு இருந்தால் சரி, இல்லாவிட்டால் சில பலகைகளில் பேட்டரியைக் கழற்றி வைத்தால் அழியும். அப்புறம் அந்தச் செயலிக்குத் தயாரிப்பாளர் தரும் புதிய நிரலான ஃபர்ம்வேரை ஏற்றி, கடைசியாக அதே `nmap` கட்டளையை வேறொரு கணினியிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதே கணினியில் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது.

இதெல்லாம் தொலைவழியை மூடுவதுதான். செயலி உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கும். முழுதாக அதன் நிரலை அழித்தால் கணினி எழும்பாது, அல்லது முப்பது நிமிடத்தில் தானே அணைந்துவிடும். கணினி எழும்பியதும் அந்தச் செயலி ஒதுங்கிக்கொள்ளும்படி ஒரு மறைவான அமைப்பு இருப்பதை 2017-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்றுக்காக வைத்தது அது. `me_cleaner` என்ற கருவியால் அதை நாமே போடலாம், ஆனால் பெரும்பாலும் சில்லின் மேல் கிளிப் மாட்டி எழுத வேண்டும், பிசகினால் பலகை போய்விடும். பள்ளிக் கணினியில் நான் செய்ய மாட்டேன். ஏஎம்டி நிறுவனத்தின் சில்லுகளிலும் இப்படி ஒரு உட்செயலி உண்டு; பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், நான் மேலே சொன்ன வசதி இன்டெலுடையது. அந்தச் செயலியை நிஜமாக உறங்கவைக்கச் சுவரில் உள்ள சுவிட்ச் ஒன்றுதான் வழி. மாலையில் பூட்டும்போது ஆசிரியர் அதை அணைக்கட்டும்.

செயலவையிடம் கேட்பது இரண்டு. வரும் சனிக்கிழமை காலை அறையைத் திறந்து விடுங்கள், கூலி வேண்டாம். இரண்டாவது, அடுத்த பன்னிரண்டுக்கான கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள்: 'ஏஎம்டி முழுதாகத் துடைத்து, அணைத்து, நம் முன்னிலையில் சோதித்துத் தர வேண்டும்.' கடைக்காரர் அது என்னவென்றே கேட்டால், இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை