ஸ்மால் கேப் ஃபண்டில் பணம் வைத்திருப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக அஸ்தம்பட்டி அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "ஸ்மால் கேப்தானே நல்லா ஏறுது, எல்லாத்தையும் அதுலயே போட்டுடலாமா?" ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகப் பதில் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், அதற்குக் கீழே எல்லாமே ஸ்மால் கேப். மிட் கேப் ஃபண்டும் ஸ்மால் கேப் ஃபண்டும் தங்கள் பணத்தில் குறைந்தது 65 சதவீதத்தை அந்தந்த வகையில் வைத்தாக வேண்டும், இது செபி விதி. சின்ன கம்பெனி ஒன்று விற்பனையை இரட்டிப்பாக்குவது பெரிய கம்பெனிக்கு ஆவதைவிட எளிது. ஏற்றம் அங்கிருந்துதான் வருகிறது. நிஃப்டி ஸ்மால்கேப் 100 இன்டெக்ஸ் 2020 மார்ச்சில் 3,200 பக்கம் இருந்தது, 2024 செப்டம்பரில் 19,000-ஐத் தாண்டியது. எல்லோரும் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

அதே இன்டெக்ஸ் 2018 ஜனவரியில் 9,600 இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் இறங்கி இறங்கித்தான் அந்த 3,200-க்கு வந்தது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. மிட் கேப் இன்டெக்ஸ் பாதியானது. இதைக் கொரோனா ஒன்றின் தலையில் கட்டிவிட முடியாது, ஏனென்றால் 2018-லும் 2019-லும் நிஃப்டி 50 ஏறிக்கொண்டிருந்தபோதே ஸ்மால் கேப் சரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஏற்காட்டில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர், அந்த 2018 ஜனவரியில்தான் மிளகு விற்ற பணம் 5 லட்சத்தை ஒரே தவணையில் ஸ்மால் கேப்பில் போட்டார். மகள் கல்யாணத்துக்கு என்று சொன்னார். கல்யாணம் எப்போது என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அது எங்கள் தவறு. அவர் ஃபண்ட் இன்டெக்ஸ் அளவுக்கு விழவில்லை, ஆனாலும் 2020 மார்ச்சில் அது இரண்டரை லட்சமாக நின்றது. 2021 தையில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். ஸ்டேட்மென்ட்டின் பின்பக்கம் பந்தல், நகை, சாப்பாடு என்று பென்சிலில் செலவுக் கணக்கு எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு மதிப்பு சுமார் 4.4 லட்சம். மூன்று வருஷம் பொறுத்தும் போட்ட பணம் வரவில்லை. அப்படியே விற்று, மீதிக்கு நகைக்கடன் வாங்கினார். அந்த வருஷம் நடுவில் இன்டெக்ஸ் பழைய உச்சத்தைத் தொட்டது, ஆனால் அவர் கையில் அப்போது யூனிட் எதுவும் இல்லை.

இதே காலத்தில் மாதம் 5,000 எஸ்ஐபி போட்டவர் கதை வேறு. 2018 ஜனவரியிலிருந்து 41 மாதத்தில் அவர் போட்டது 2 லட்சத்து 5 ஆயிரம். இன்டெக்ஸை வைத்துத் தோராயமாகப் பார்த்தால் 2021 நடுவில் அது மூன்று லட்சம் பக்கம் வந்திருக்கும். விலை கீழே கிடந்த மாதங்களில் கூடுதல் யூனிட் வாங்கியதால் வந்த லாபம் அது. அவரும் 2020 மார்ச்சில் பயந்து நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது.

ஏன் இவ்வளவு ஆழமாக விழுகிறது? சின்ன கம்பெனிப் பங்கை வாங்க ஆள் குறைவு. எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டால் ஃபண்ட் மேனேஜர் கிடைத்த விலைக்கு விற்க வேண்டியிருக்கும், அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கும். 2024 மார்ச்சிலிருந்து ஒவ்வொரு மிட், ஸ்மால் கேப் ஃபண்டும் தன் பங்குகளில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிடுகிறது. உங்கள் ஃபண்டுக்கு அந்த எண் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் கவனியுங்கள். நாங்களே எடுத்துக் காட்டுகிறோம், கேளுங்கள்.

அப்புறம், விழுந்ததை மீட்பதற்கான கணக்கு. 60 சதவீதம் விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர 150 சதவீதம் ஏற வேண்டும். அதற்கு வருஷங்கள் வேண்டும். அதனால்தான் ஸ்மால் கேப்புக்குக் குறைந்தது 7 வருஷம், மிட் கேப்புக்கு 5 முதல் 7 வருஷம் என்று சொல்கிறோம். 7 வருஷம் வைத்தால் லாபம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சந்தையில் அப்படி உறுதி யாராலும் தர முடியாது.

தேவைப்படும் தேதி தெரிந்த பணமாக இருந்தால், அந்தத் தேதிக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக லிக்விட் ஃபண்டுக்கோ வங்கி டெபாசிட்டுக்கோ மாற்றிவிடுங்கள். சந்தை நன்றாக இருக்கும்போதே மாற்றுவது கஷ்டமாகத்தான் இருக்கும், இன்னும் ஏறுமே என்று தோன்றும். எந்த ஃபண்டில் போட்டாலும் எங்களுக்குக் கமிஷன் வருகிறது, இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் இன்னொரு கல்யாணக் கணக்கை அப்படிப் பார்க்க எங்களுக்கு மனசில்லை.

ஆகவே அடுத்த முறை வரும்போது ஸ்டேட்மென்ட்டோடு, எந்தப் பணம் எந்த வருஷம் எந்த மாதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் முதல்நாளே போனில் சொல்லிவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை.