படிக்கட்டின் அடியில் வரும் பதில்

புதுச்சேரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணம்மா,

நீ தொலைபேசியில் பேசி இன்றோடு இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. வேலை இருக்கும் என்று உன் அம்மாவிடம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று நீ, "கூட்டத்தில் அந்த ஆள் அப்படிச் சொன்னபோது எனக்கு வாயே திறக்கவில்லை அப்பா, அறைக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றியது, எஸ்ப்ரி த லெஸ்காலியே என்று தத்துவஞானி தித்ரோ சொன்னாரே, அதுதான்" என்றாய். நான் உடனே, "தித்ரோ அந்தத் தொடரை எழுதவே இல்லை, படிக்கட்டின் அடி என்று மட்டும்தான் எழுதினார்" என்று திருத்தினேன். முப்பத்தோரு ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்த வாய் அது. அதற்குப் பிறகு நீ "சரி அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் திருத்தியது சரிதான். ஆனால் பாதிதான் சொன்னேன், மீதியையும் கேள்.

தித்ரோ அதை எழுதியது, நடிகனின் முரண்பாட்டைப் பற்றிய உரையாடல் நூலில். மேடையில் அழவைக்கிற நடிகன் தான் அழக்கூடாது, உணர்ச்சியில் கரைகிறவனால் எதையும் திறம்படச் செய்ய முடியாது என்பது அந்த நூலின் வாதம். அதற்குச் சான்றாகத் தன் கதையையே சொல்கிறார். 1765-இல் அவருடைய நண்பர் சதேனின் நாடகம் ஒன்று அரங்கேறி வெற்றி பெற்றது. நண்பரைவிட அதிகமாக மகிழ்ந்த தித்ரோ, குளிர்காலத்தில் வாடகை வண்டி பிடித்துப் பாரிஸ் முழுவதும் அவரைத் தேடி அலைந்து, கடைசியில் சேந்த்தந்துவான் புறநகரின் கோடியில் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார். குரல் எழவில்லை, கண்ணீர்தான் வந்தது. சதேனோ அசையாமல் நின்று பார்த்து, "ஐயா தித்ரோ, நீங்கள் எவ்வளவு அழகாக இருக்கிறீர்கள்!" என்றாராம். கவனித்துப் பார்க்கிற மேதை அவர், அழுகிற சாதாரண மனிதன் நான் என்று தித்ரோ முடிக்கிறார்.

இதைப் பிறகு ஒரு நாள் வங்கியாளர் நெக்கேரின் வீட்டு விருந்தில் அவர் சொன்னபோது, அங்கே இருந்த எழுத்தாளர் மர்மோந்தெல் ஏளனமாக ஒன்று சொன்னார். உருக்கமான ஒரு சம்பவத்தைக் கேட்டாலே கலங்கிப்போகிற வோல்தேர் சாதாரண மனிதர், நண்பன் அழுவதைப் பார்த்தும் கலங்காத சதேன்தான் மேதை என்று ஆகிவிடுகிறதே என்று கேட்டார். தித்ரோவால் பதில் சொல்ல முடியவில்லை. உணர்ச்சி மிகுந்த மனிதன் எதிராளி சொன்னதிலேயே முழுவதும் மூழ்கித் தடுமாறிப் போகிறான், படிக்கட்டின் அடிக்கு வந்த பிறகுதான் தன்னைத் திரும்பக் கண்டடைகிறான் என்று எழுதினார். அக்காலப் பாரிஸின் பெரிய வீடுகளில் விருந்து அறை மேல்தளத்தில் இருக்கும், ஆகவே படிக்கட்டின் அடி என்றால் விருந்து முடிந்து தெருவுக்கு வந்தாயிற்று என்று பொருள். லெஸ்காலியே என்றால் படிக்கட்டு, எஸ்ப்ரி என்பது இங்கே ஆவியும் அல்ல, ஆன்மாவும் அல்ல, சமயோசிதம். இதைப் பல மாணவர்கள் தவறாக மொழிபெயர்த்தார்கள், நீ மட்டும் பதின்மூன்று வயதிலேயே சரியாகச் சொன்னாய்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தித்ரோ நிறுத்தவில்லை. என் இடத்தில் கலங்காத ஒருவன் இருந்திருந்தால் என்று தொடங்கி, மர்மோந்தெலுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை முழுவதும் எழுதுகிறார். சதேன் கொத்தனாராகக் கல் வெட்டியவர். முப்பத்தைந்து ஆண்டுகளைச் சாந்து குழைப்பதிலும் கல் வெட்டுவதிலும் செலவிடாமல், நம்மைப் போல ஹோமரையும் வெர்ஜிலையும் படிப்பதில் செலவிட்டிருந்தால் அந்தத் தலையிலிருந்து என்னவெல்லாம் வந்திருக்கும் என்று கேட்கிறார். அவரைப் போல் பார்க்க நம்மால் ஒருபோதும் முடியாது, நம்மைப் போல் சொல்ல அவர் கற்றுக்கொண்டிருப்பார் என்கிறார். சதேனை ஷேக்ஸ்பியரின் வழித்தோன்றல் என்று சொல்லி, அந்த ஷேக்ஸ்பியரை நோத்ர்தாம் ஆலயத்தில் அன்று நின்ற செயின்ட் கிறிஸ்டோபரின் பெருஞ்சிலைக்கு ஒப்பிடுகிறார். செப்பமில்லாத சிலைதான், ஆனால் அதன் கால்களுக்கிடையே நாம் எல்லோரும் தலை இடிக்காமல் போய்விடலாம். (எதில் இடிக்காமல் என்று அவர் எழுதியதை மகளுக்கு எழுதும் கடிதத்தில் சொல்ல மாட்டேன்.)

அந்தப் பதிலில் ஒரு சொல்கூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை, அங்கே இல்லாத நண்பனுக்காக எழுதியிருக்கிறார். முப்பத்தோரு ஆண்டுகளும் இதை நான் வகுப்பில் நகைச்சுவையாகத்தான் நடத்தினேன். நூல் அச்சானது 1830-இல். தித்ரோ 1784-இலும், சதேன் 1797-இலும், மர்மோந்தெல் 1799-இலும் இறந்துவிட்டார்கள். யாருக்காக எழுதினாரோ அவர் அதை அச்சில் பார்க்கவில்லை, யாருக்கு எதிராக எழுதினாரோ அவரும் பார்க்கவில்லை.

ஆகவே சொல்கிறேன், கூட்டத்தில் பதில் வராவிட்டால் "இதற்கு நாளை பதில் சொல்கிறேன்" என்ற ஒரு வரியையாவது சொல்லி வை. அதைச் சொல்லிவிட்டால் படிக்கட்டில் வருகிற பதிலுக்கு மறுநாள் திரும்பி ஏறிச் செல்ல ஒரு வழி இருக்கும். ரூசோவும் தன்னைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறார். சவோய் நாட்டுப் பிரபு ஒருவர் போகிற வழியில்தான் பதில் தோன்றித் திரும்பி, "உன் தொண்டையில், பாரிஸ் வணிகனே!" என்று கத்திய கதையைப் படித்ததும் "இதோ நான்" என்றாராம். தபால் வழியே உரையாடச் சொன்னால் நன்றாகவே உரையாடுவேன் என்றும் சொல்லிக்கொண்டார். உனக்கும் எழுத்துதான் கைகொடுக்கும். நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, எழுதி அனுப்பு.

இவ்வளவும் எழுதிய பிறகு அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதைத்தான் சொல்லப் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் பந்தியில் அவர் உன்னைப் பற்றிச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ எதிர் வரிசையில் இருந்து என்னைப் பார்த்தாய். நான் இலையைப் பார்த்துக்கொண்டு ரசம் கேட்டேன். அன்று இரவு வண்டியில் வரும்போது, "என்ன செய்வது, எனக்குப் பதில் எப்போதும் படிக்கட்டில்தான் வருகிறது" என்று உங்கள் இருவரிடமும் பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. அது பொய், கண்ணம்மா. பதில் எனக்குப் பந்தியிலேயே தோன்றிவிட்டது. அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே தோன்றிவிட்டது. "அண்ணா, அவள் தன் சம்பாத்தியத்தில் தன் மனதுக்குப் பிடித்தபடி வாழ்கிறாள், அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை" என்பதுதான் அது. ஒரே வரி. நாற்பது பேர் முன்னால் அண்ணனை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. தித்ரோவுக்குப் பதில் வரவில்லை, எனக்கு வந்ததை நான் விழுங்கினேன். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி ஏழு ஆண்டுகளாக ஒளிந்துகொண்டிருக்கிறேன். அன்று தொலைபேசியில் நீ அந்தத் தொடரைச் சொன்னதும் நான் அவசரமாகத் திருத்தியதற்கும் காரணம் இலக்கணம் அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வரியை நேற்று அண்ணனிடம் அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு எந்தப் பந்தி என்றே நினைவில்லை.

நான் அன்று கேட்காததை இப்போது கேட்கிறேன். கூட்டத்தில் அந்த ஆள் என்ன சொன்னார்? அறைக்கு வந்த பிறகு உனக்கு என்ன பதில் தோன்றியது? பிரெஞ்சிலேயே எழுது, பிழை திருத்த மாட்டேன்.

உன்
அப்பா