ஆடி மாதத்தில் தவணை கேட்கும் வங்கி மேலாளர்களுக்கு

கடலூர் மாவட்ட வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். தூக்கணாம்பாக்கம் பக்கத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதுகிறவள் நான். எங்கள் உறுப்பினர் ஒருவர் அழகு நிலையம் தொடங்கக் கடன் வாங்கிய கதையை உங்கள் முன் வைக்கிறேன்.

குழுவுக்கு முதல் சுற்றில் கிடைத்தது ஒன்றரை லட்சம் ரூபாய். பன்னிரண்டு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 12,500. ஒரு நல்ல ஹைட்ராலிக் நாற்காலி வாங்கவே அது இழுபறி. அதனால்தான் அவர் முத்ரா திட்டத்தில் தனிக் கடனுக்கு வந்தார். கேட்டது மூன்று லட்சம்: நாற்காலி, ஸ்டீமர், கண்ணாடி, ஏசி எல்லாவற்றுக்கும் 2,20,000, கிரீம், வாக்ஸ், மணப்பெண் ஒப்பனைப் பொருட்கள், முதல் சில மாத வாடகைக்கு 80,000.

அடமானம் கேட்கவில்லை, நல்லது. இந்த அளவிலான சிறுதொழில் கடனுக்குக் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதிதானே. ஆனால் கொட்டேஷன் இருந்த 2,20,000 மட்டும் கடைக்காரர் கணக்குக்கு நேராகப் போனது. 80,000 ரூபாய் நடைமுறை மூலதனம், "கடை ஓடட்டும், பார்க்கலாம்" என்று நின்றுவிட்டது. நாற்காலி வந்துவிட்டது, அதில் உட்காருகிறவர் முகத்தில் பூசத்தான் ஒன்றும் இல்லை.

பணம் வந்தது ஆனிக் கடைசியில். அடுத்த மாதமே சுமார் 4,800 ரூபாய் தவணை. ஆடியில் கல்யாணம் ஏது? புருவம் திருத்த வருகிறவர்கள் தரும் ஐம்பது, நூறு ரூபாய் கடை வாடகைக்கே போதவில்லை. அவர் வாரத் தவணைக்குக் கடன் கொடுப்பவரிடம் போய் வாங்கி உங்கள் தவணையைக் கட்டினார். உங்கள் ஏட்டில் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று ஏடு சொல்லாது.

இந்தத் தொழிலின் பெரிய வருமானம் மணப்பெண் அலங்காரம். தையும் வைகாசியும் ஆவணியும் கொடுக்கும். ஆடியும் மார்கழியும் கொடுக்காது. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயியிடம் வெட்டுக்கு முன்பே பயிர்க்கடனைத் திருப்பிக் கேட்கிறீர்களா? முகூர்த்த நாட்கள் ஒவ்வொரு பஞ்சாங்கத்திலும் அச்சாகி இருக்கின்றன. கடன் பத்திரம் எழுதும்போதே முதல் தவணையைச் சில மாதம் தள்ளி வைக்கலாம். ஆடி, மார்கழித் தவணையைக் குறைத்து, தை, வைகாசியில் கூட்டியும் வாங்கலாம்.

விண்ணப்பிக்கும் பெண்களுக்கும் இதையே சொல்லி வருகிறேன். திட்ட அறிக்கையில் மாத வருமானம் என்று பன்னிரண்டு கட்டத்திலும் ஒரே தொகையை எழுதாதீர்கள். கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுப்பது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அதை நம்பித்தானே மேலாளரும் ஒரே அளவில் தவணை போடுகிறார்.

அந்த 80,000 ரூபாய் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அவருக்கு இரண்டு மணப்பெண்கள் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் விடுவித்தால் உதவும்.

இப்படிக்கு,
குழு ஊக்குநர்