எட்டு சதவீதமும் அறுபது வெள்ளியும்

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி செல்விக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாச்சு. கோபிக்காதே. போனில் பேசினால் அம்மா அழுகிறார்கள், கணக்குப் பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுச் சம்பளம் 1,360 வெள்ளி 80 காசு என்று போட்டிருக்கிறாய். அது தப்பு. பழைய 1,200 வெள்ளியோடு 60 வெள்ளி அலவன்ஸைச் சேர்த்துவிட்டு, மொத்தத்துக்கும் 8 சதவீதம் ஏற்றிவிட்டாய். உயர்வு பேசிக்குக்கு மட்டும்தான். 1,200-க்கு 8 சதவீதம் 96 வெள்ளி. ஆக பேசிக் 1,296. சாரம் கட்டும் சான்றிதழுக்கான 60 வெள்ளியை அதற்கப்புறம்தான் சேர்க்கணும்: 1,356. உன் கணக்கில் மாசம் 4 வெள்ளி 80 காசு கூடுதல், வருஷத்துக்கு 57 வெள்ளி 60 காசு. அதை நம்பித்தான் அம்மா வளையலை மீட்கலாம் என்கிறார்களோ?

மாசம் கூடுவது 156, வருஷத்துக்கு 1,872 வெள்ளி.

எனக்கு மேல் கட்டிலில் படுக்கிற வங்காளதேச அண்ணன்தான் இதைப் புரியவைத்தார். அவர் படுக்கைப் பலகையின் அடிப்பக்கம் முழுக்கப் பென்சில் கணக்கு. கண் விழித்தால் முதலில் எனக்குத் தெரிவது அதுதான்! "அலவன்ஸ் வேற, பேசிக் வேற தம்பி, பே ஸ்லிப்பில் தனித்தனியாகப் பார்" என்றார். ஓவர்டைமும் பேசிக்கை வைத்துத்தான். பேசிக்கைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி என்று வகுத்தால் ஒரு மணிக்கூலி வரும். அதில் ஒன்றரை மடங்கு. முன்பு 9 வெள்ளி 44 காசு, இப்போது 10 வெள்ளி 20 காசு. அறுபது வெள்ளி அதில் வராது. அடுத்த வருஷ உயர்விலும் வராது என்றுதான் முதலாளி சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கேட்டரிங் சோறு விடியற்காலையிலேயே வந்துவிடும், மத்தியானம் பிரித்தால் சாம்பார் லேசாகப் புளித்திருக்கும். பழகிவிட்டது. தேக்காவுக்குப் போவதைக் குறைத்துவிட்டேன், பஸ்ஸில் கூட்டம். போன வாரம் போனபோது ஒரு கடை வாசலில் கருவாடு வறுக்கிற வாசம். கொல்லைப்புற அடுப்பும் அம்மாவின் முந்தானையும் கண்ணுக்குள் வந்துவிட்டன. வாங்காமலே திரும்பிவிட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அடுத்த மாசத்திலிருந்து 100 வெள்ளி கூட்டி அனுப்புவேன். மீதி 56 இங்கே சில்லறைச் செலவுக்கு, அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம். கூடுதலாக வருகிற பணத்தை முதலில் மாமாவிடம் வாங்கிய கடனுக்குக் கொடு, வளையல் அப்புறம். பத்திரம் அவரிடமே இருக்கிறதா, அப்பா கேட்டு வாங்கினாரா? ஓட்டு வீட்டின் மேற்குப் பக்கம் ஒழுகுவதை மழைக்கு முன்னால் பார்க்கச் சொல். உன் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன, அதை எழுது.

அன்புடன்,
அண்ணன்